பதினேழாயிரம் வார்த்தை சாப்டர ஆறாயிரத்துக்கு கொண்டு வந்த கதை

தீசிஸ் முடிச்சு வைவாவும் முடிஞ்சு ஒரு வருஷம் ஆச்சு, நாலாவது சாப்டர பேப்பரா போடலாம்னு உக்காந்தேன். என் வேலை நீலகிரில சீகைத் தோப்புகளுக்குள்ள சோலை மர நாத்து முளைக்குதா இல்லையாங்கறது பத்தி. சீகைன்னா வாட்டில் மரம், இங்க எல்லாருக்கும் தெரியும், வெள்ளைக்காரன் காலத்துல விறகுக்குக் கொண்டு வந்தது, அப்புறம் பட்டைல டானின் எடுக்க தோப்பு தோப்பா நட்டாங்க, இப்ப புல்வெளில நிறைய இடத்துல அது தான். அதை மொத்தமா வெட்டணுமா, இல்ல விட்டுவச்சா நிழல்ல சோலை மரம் தானா வந்துருமான்னு ரொம்ப நாளா ஒரு சண்டை ஓடுது, என் சாப்டர் அந்த சண்டைக்குள்ள தான் வரும்.

சாப்டர் 17,600 வார்த்தை, 9 படம், 13 டேபிள். நான் பார்த்து வச்ச ஜர்னல் ரெஃபரன்ஸ் இல்லாம 6,500 வார்த்தைக்கு மேல எடுக்க மாட்டாங்க.

மொத தடவை பண்ணது என்னன்னா சாப்டர் ஃபைல அப்படியே காப்பி பண்ணி மேலருந்து கீழ வெட்டிட்டே வந்தேன். நீளமான வாக்கியத்த சின்னதாக்கறது, ரெண்டு பாராவ ஒண்ணாக்கறது, "மேலே கூறியது போல"ன்னு வர்ற இடத்தயெல்லாம் தூக்கறது, இப்படி மூணு வாரம். 11,200க்கு வந்துச்சு, அதுக்கு மேல இறங்கவே இல்ல, எத தொட்டாலும் ரத்தம் வர்ற மாதிரி இருந்துச்சு. சரி போகட்டும்னு நாலு டேபிள சப்ளிமெண்ட்டுக்குத் தள்ளி, கொஞ்சம் பெரிய லிமிட் இருக்கற வேற ஒரு ஜர்னலுக்கு அனுப்பினேன். ஒம்பதே நாள்ல திரும்பி வந்துருச்சு, ரிவ்யூவருக்கே போகல. எடிட்டர் எழுதினது ரெண்டு வரி தான், இதுல நாலு கேள்வி இருக்கு, எதுக்கு முழு பதில் கிடைச்சுதுன்னு எனக்குப் புரியல, படிக்க தீசிஸ் மாதிரி இருக்குன்னு. கடுப்பா இருந்துச்சு, ஆனா அந்த "நாலு கேள்வி"ங்கறத எண்ணிப் பார்த்தா சரியா நாலு தான் இருந்துச்சு.

அப்புறம் நவம்பர் மாசம் கோத்தகிரி வீட்டுல. ஊட்டி பக்கமெல்லாம் ஜூன் ஜூலைல ஊத்தற மழை எங்களுக்கு அவ்வளவா வராது, எங்களுக்கு ஐப்பசி கார்த்திகை மழை தான் மெயின். கரண்ட் போகும் வரும், லேப்டாப்ப நம்பி ஒண்ணும் பண்ண முடியாதுன்னு ஒம்பது படத்தையும் ஜெராக்ஸ் கடைல ஒரு பக்கத்துக்கு ஒண்ணா பிரிண்ட் போட்டு ஹால் தரைல பரப்பினேன். இது தான் மொத உருப்படியான வேலை. ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் பென்சில்ல, இந்தப் படம் என்ன சொல்லுதுன்னு ஒரே வரி, "காட்டுகிறது" "ஒப்பிடுகிறது"ன்னு எழுதக் கூடாது, எது கூடுது எது குறையுதுன்னு எழுதணும். ரெண்டு படத்துக்கு என்னால ஒரு வரி எழுத முடியல. அதுல ஒண்ணு ஸ்டடி ஏரியா மேப், அது பரவால்ல. இன்னொண்ணு ஆறு கலர்ல ஒரு ஆர்டினேஷன் படம், வைவாவுல எல்லாரும் அழகா இருக்குன்னு சொன்னது, என்ன சொல்லுதுன்னு எனக்கே தெரியல.

மீதி ஏழையும் வரிய வச்சு குமிச்சா நாலு குமி ஆச்சு. ஒண்ணு, தோப்புக்குள்ள என்னென்ன இனம் இருக்குன்னு. ரெண்டு, சோலை ஓரத்துலருந்து தூரம் போகப் போக நாத்து எப்படி மாறுதுன்னு. மூணு, மண்ணுல நைட்ரஜன். நாலு, பக்கத்து ஹட்டிகள்ல 31 வீட்டுல விறகு பத்தி கேட்டது.

எத வைக்கறதுங்கறது தான் நிஜமான முடிவு, இங்க தான் நான் ரொம்ப நாள் உக்காந்திருந்தேன். எனக்குப் பிடிச்சது நாலாவது, அந்த வீடுகள்ல போய் டீ குடிச்சு பேசினது எல்லாம் மனசுல இருக்கு. ஆனா அத படிக்கிற ஆள் வேற, ரெண்டாவத படிக்கிற ஆள் வேற, ரெண்டையும் ஒரே பேப்பர்ல போட்டா ரெண்டு பேருமே பாதில எழுந்து போயிருவாங்க. இனப்பட்டியல் நல்ல டேட்டா தான், ஆனா பட்டியல் எந்தக் கேள்விக்கும் பதில் இல்ல. மண்ணு, 12 சாம்பிள் தான், அதுவும் கலவை சாம்பிள், ஒரு தோப்புக்கு ரெண்டு. ரெண்டாவது குமி மட்டும் வேற எதையும் பிடிச்சுக்காம தன் கால்லயே நிக்குது, ஆறு டிரான்செக்ட், அதாவது சோலை ஓரத்துலருந்து தோப்புக்குள்ள கயிறு இழுத்த ஆறு கோடு, ஒவ்வொண்ணுலயும் ஓரத்துலருந்து 5 மீட்டர்ல ஆரம்பிச்சு 120 மீட்டர் வரைக்கும் எட்டு பிளாட், மொத்தம் 48. மீதி மூணையும் எடுத்துட்டாலும் இது அப்படியே இருக்கும், இத எடுத்துட்டா மீதி மூணும் எதுக்குன்னே தெரியாது. இந்த ரெண்டையும் பார்த்து தான் இத வச்சேன்.

கைடுக்கு போன் பண்ணி சொன்னேன்.

"மண்ணையும் விட்டுட்டியாம்மா? அந்த டெஸ்ட்டுக்கு எவ்வளவு செலவு பண்ணோம்."

"சார், பன்னெண்டு சாம்பிள் தான் சார், வச்சா ரிவ்யூவர் அதத்தான் பிடிப்பாங்க."

"வைக்கலேன்னாலும் கேப்பாங்க, பாரு."

சரின்னு மட்டும் சொல்லி வச்சுட்டேன்.

அப்புறம் பேப்பரோட கிளெய்ம ஒரே வாக்கியத்துல எழுதி டேபிளுக்கு மேல சுவத்துல ஒட்டினேன். மொத வடிவம் இது: "சீகைத் தோப்புகளில் சோலை மீள்வது தோப்பின் வயதையும் சோலையின் அருகாமையையும் பொறுத்தது." தீசிஸ் முடிவுரைல இருந்ததோட சாரம். இந்த வாக்கியம் ரெண்டு தடவை மாறுச்சு, ஏன் மாறுச்சுன்னு சொல்றேன், அது தான் இந்த வேலைல நான் எதிர்பாக்காத பகுதி.

எழுத ஆரம்பிச்சது புது வெத்து ஃபைல்ல. பழைய சாப்டர் பக்கத்துல திறந்தே இருக்கக் கூடாதுன்னு ஒரு கட்டுப்பாடு, வேணும்னா போய் பார்த்துட்டு மூடிட்டு வந்து எழுதணும். வரிசையும் மாத்தினேன், மொதல்ல ரிசல்ட், அப்புறம் அந்த ரிசல்ட்டுக்கு வேண்டிய அளவு மட்டும் மெத்தட்ஸ், அப்புறம் டிஸ்கஷன், கடைசியா இன்ட்ரோ. மெத்தட்ஸ் இதனாலயே 3,100லருந்து 900 ஆச்சு, மண் எடுத்த விதம், கேள்வித்தாள், ஆர்டினேஷன் எல்லாம் தானா விழுந்துருச்சு, உக்காந்து ஒவ்வொண்ணா வெட்ட வேண்டிய வேலையே வரல.

ரிசல்ட் எழுதும்போது தான் சிக்கல். தீசிஸ்ல நான் தூரத்த கிட்ட, நடு, தூரம்னு மூணு கட்டமா பிரிச்சு அனோவா போட்டிருந்தேன், 48 பிளாட்டையும் 48 தனித்தனி புள்ளியா எடுத்து. பதிமூணு டேபிளுக்கு நடுவுல அது யார் கண்ணுலயும் படல, எக்ஸாமினர் கூட ஒண்ணும் கேக்கல. பேப்பர் முழுக்க இந்த ஒரே ரிசல்ட் தான்னு ஆனதும் அதப் பார்க்க எனக்கே வெக்கமா இருந்துச்சு. ஒரே டிரான்செக்ட்ல இருக்கற எட்டு பிளாட்டும் ஒரே தோப்பு, ஒரே சோலை, ஒரே சரிவு, அது எட்டு தனி சாட்சி இல்ல, ஒரே வீட்டுல எட்டு பேர்கிட்ட கேட்ட மாதிரி. நாத்து எண்ணிக்கையும் அனோவாவுக்கு ஒத்து வர்ற சாதி இல்ல, நிறைய பிளாட்ல பூஜ்யம், சிலதுல இருபதுக்கு மேல. அதனால டிரான்செக்ட்ட ரேண்டமா வச்சு, நெகட்டிவ் பைனாமியல்ல, தூரத்த கட்டம் பிரிக்காம மீட்டராவே வச்சு மறுபடி ஓட்டினேன்:

```r
library(glmmTMB)
m <- glmmTMB(seedlings ~ dist + canopy + (1 | transect),
             family = nbinom2, data = d)
```

`canopy`ங்கறது டென்சியோமீட்டர்ல எடுத்த கேனோபி அளவு, அதாவது தலைக்கு மேல மரம் எவ்வளவு மூடியிருக்குங்கறது. தோப்போட நடுவுல இருட்டா இருக்கறதால நாத்து கம்மியா, இல்ல சோலை தூரமா இருக்கறதாலயான்னு யாராவது கேட்டா பதில் வேணும்ல, அதுக்கு தான் அது உள்ள இருக்கு. தூரம் போகப் போக நாத்து குறையுதுங்கறது நின்னுச்சு, ஆனா நம்பிக்கை இடைவெளி தீசிஸ்ல இருந்ததவிட நல்லா அகலமாயிருச்சு. அத மறைக்காம படத்துல நிழல் பட்டையா போட்டேன்.

நிக்காதது வயசு. தோப்பு வயசு டிரான்செக்ட்டுக்கு டிரான்செக்ட் தான் மாறும், ஒரே டிரான்செக்ட்டுக்குள்ள எட்டு பிளாட்டுக்கும் ஒரே வயசு தான். அப்ப வயசுக்கு என்கிட்ட இருக்கறது 48 இல்ல, ஆறே ஆறு. ஆறு தோப்ப வச்சுக்கிட்டு, அதுவும் வயசு கூடின தோப்பெல்லாம் ஒரே பக்கத்துல இருக்கும்போது, வயசாக வயசாக நாத்து கூடுதுன்னு நான் தீசிஸ்ல தைரியமா எழுதி வச்சிருக்கேன்! சுவத்துல ஒட்டின வாக்கியத்துல பாதி அங்கயே போச்சு. ரெண்டு நாள் வேலை ஓடல, உண்மைய சொன்னா. தீசிஸ் லைப்ரரில இருக்கு, அத திருத்த முடியாது, பேப்பர்ல வயசு பத்தி கிளெய்ம் பண்ணல, ஏன் பண்ணலங்கறத ஒரு வாக்கியத்துல சொல்லிட்டேன்.

ரெண்டாவது வடிவம்: "சோலை ஓரத்திலிருந்து விலக விலக நாற்று குறைகிறது, கேனோபியைக் கணக்கில் எடுத்தாலும்."

இனி எல்லாம் சரின்னு அந்த ஒரே படத்த பெருசா போட்டேன், குறுக்க தூரம், நெடுக்க நாத்து, 48 புள்ளி, நடுவுல சரியற ஒரு கோடு. நாலாவது டிரான்செக்ட்ல 80 மீட்டர்ல ஒரு புள்ளி மட்டும் தனியா மேல தொங்குது. சுத்தி எல்லாம் பூஜ்யம், ஒண்ணு, ரெண்டுன்னு கிடக்க அங்க 17 நாத்து. தீசிஸ்ல அது "நடு" கட்டத்தோட சராசரில கரைஞ்சு போயிருந்திருக்கு, இங்க கண்ணுல குத்துது. டேட்டா என்ட்ரி தப்போன்னு ஃபீல்ட் ஷீட்ட பார்த்தேன், 17 தான்.

பெள்ளி அண்ணன் தான் எனக்கு ஃபீல்டுல கூட வந்தவரு. ஞாயித்துக்கிழமை பஸ் ஸ்டாண்டு டீக்கடைல பார்த்து கேட்டேன்.

"அண்ணா, எமரால்டு பக்கம் நாலாவது கயிறு இழுத்தோமே, அட்டை கடிச்சு நீங்க திட்டிட்டே வந்தீங்களே, அங்க 80 மீட்டர்ல என்ன இருந்துச்சு ஞாபகம் இருக்கா?"

"அது பெரிய நாவ மரம் நின்ன எடந்தானே பாப்பா. நீ கூட அதுக்கு கீழ உக்காந்து தான சோறு தின்ன."

எனக்கு சுத்தமா மறந்துருச்சு. வீட்டுக்கு வந்து நோட்டுப்புக்க புரட்டினா ஓரத்துல என் கையெழுத்துலயே இருக்கு, பிளாட்டுக்கு வெளிய ஒரு பெரிய சிசைஜியம், பழம் கீழ கிடக்குன்னு. சீகை நட்டப்ப வெட்டாம விட்ட பழைய சோலை மரமா இருக்கும். 17 நாத்துல 14 சிசைஜியமே தான். ஆக அந்த பிளாட்டுக்கு சோலை 80 மீட்டர் தள்ளி இருக்கு, ஆனா தாய் மரம் தலைக்கு மேலயே இருக்கு.

இப்ப என்ன பண்றது? தூக்கிட்டா கோடு அழகாயிரும், ஆனா எனக்குப் பிடிக்கலங்கறதுக்காக ஒரு பிளாட்ட தூக்க முடியாது. "சோலை ஓரத்து தூரம்"ங்கறத "பக்கத்து பழ மரத்து தூரம்"னு மாத்தி எல்லாத்தையும் மறுபடி கணக்கு போடலாமான்னு ஒரு ராத்திரி முழுக்க ஆசையா இருந்துச்சு, கதை அதுல இன்னும் நல்லா வரும். ஆனா மத்த 47 பிளாட்டுக்கு நான் தனி மரத்த தேடியே பார்க்கல, ஒண்ணுக்கு மட்டும் ஞாபகத்துலருந்து போட்டா அது அளவீடு இல்ல. கடைசியா பண்ணது, மெயின் மாடல்ல அந்தப் புள்ளி இருக்கு, படத்துல வேற வடிவத்துல குறி போட்டு காட்டியிருக்கேன், அது இல்லாம ஓட்டினா கோடு எவ்வளவு மாறுதுன்னு சப்ளிமெண்ட்ல ஒரு டேபிள். ரெண்டு தடவையும் சரிவு ஒரே பக்கம் தான். டிஸ்கஷன்ல அதுக்குன்னு ஒரு பாரா கொடுத்தேன், பழம் திங்கற சின்னானும் காட்டுப்புறாவும் உக்கார ஒரு மரம் இருந்தாலே உள்ளயும் நாத்து வரலாம், இத சோதிக்க தனி மரங்கள மேப் பண்ணி ஒரு வேலை வேணும்னு. ஒத்த பிளாட்ட வச்சு அதுக்கு மேல பேசறது தப்பு. பெள்ளி அண்ணன் பேரு நன்றி பகுதில இருக்கு.

மூணாவது வடிவம், இப்பவும் சுவத்துல இருக்கறது: "நாங்கள் பார்த்த ஆறு தோப்புகளில், சோலை ஓரத்திலிருந்து விலக விலக நாற்று குறைகிறது." சின்னதாயிருச்சு. ஆனா எங்க தொட்டாலும் ஆடாது.

இன்ட்ரோ கடைசியா. சாப்டர்ல இன்ட்ரோ ஆரம்பிச்சது மேற்குத் தொடர்ச்சி மலை உலகளாவிய பல்லுயிர் மையம்னு, அங்கருந்து நீலகிரிக்கு வந்து, சோலைன்னா என்ன, புல்வெளின்னா என்ன, சீகை எந்த கண்டத்துலருந்து வந்துச்சுன்னு பதினோரு பக்கம் கழிச்சு தான் என் கேள்வியே வரும். எக்ஸாமினருக்கு நான் எல்லாத்தையும் படிச்சிருக்கேன்னு காட்டணும், அதுக்கு எழுதினது அது. ஜர்னல் படிக்கிறவருக்கு நான் என்ன படிச்சேன்னு அக்கறை இல்ல. புதுசுல மொத வாக்கியமே, அந்நிய மரத் தோப்ப அகற்றும்போது உள்ள வளர்ற சொந்த நாத்தும் சேர்ந்து போயிரும், அதனால எங்க நாத்து இருக்கும்னு முன்கூட்டியே தெரியணும். ரெண்டாவது பாரா, இதப்பத்தி மத்தவங்க பார்த்தது, தோப்புக்குள்ள நாத்து இருக்குன்னு சொல்றாங்க, நான் தேடின வரைக்கும் ஓரத்துலருந்து எவ்வளவு தூரம் வரைக்கும்னு மீட்டர் கணக்குல பார்த்தது கம்மி. மூணாவது, இடம். நாலாவது, கேள்வி. அவ்வளவு தான், 620 வார்த்தை. ரெஃபரன்ஸ் 140லருந்து 52க்கு வந்துச்சு, இதுல மட்டும் கொஞ்சம் வலிச்சுது, நல்ல பேப்பர் சிலதுக்கு இடமில்லாம போச்சு.

எழுதி முடிச்சதும் ஒரு சோதனை வச்சேன். ஒவ்வொரு பாராவுக்கும் ஓரத்துல நாலஞ்சு வார்த்தைல அது என்ன செய்யுதுன்னு எழுதி, பாராவ விட்டுட்டு ஓரத்த மட்டும் மேலருந்து கீழ படிச்சேன். டிஸ்கஷன்ல ரெண்டு இடத்துல "புல்வெளி முக்கியம்"னு ஓரத்துல வந்துச்சு, சுவத்து வாக்கியத்துல புல்வெளியே இல்ல, ரெண்டும் போச்சு. ஒண்ண மட்டும் ஒரே வாக்கியமா திரும்ப வச்சேன், ஏன்னா புல்வெளியா இருந்த இடத்துல சோலை மரம் வர்றத எல்லாரும் நல்லதுன்னு எடுத்துக்க மாட்டாங்க, இங்க பாதி சண்டையே அது தான், அத சொல்லாம விட்டா இந்த ஊர் ஆளுங்களே படிச்சுட்டு சிரிப்பாங்க. சாப்டர் கடைசில வனத்துறைக்கு ஆறு பரிந்துரை இருந்துச்சு, பேப்பர்ல ஒண்ணு, சோலை ஓரத்துப் பட்டைல சீகைய எடுக்கும்போது மொத்தமா வெட்டாம நாத்த பார்த்து எடுக்கணும். மீதி அஞ்சுக்கும் இந்த டேட்டால ஆதாரம் இல்ல.

வெட்டினது எதையும் அழிக்கல, "மிச்சம்"னு ஒரு ஃபைல்ல கிடக்கு, விறகு பேட்டிகள தனியா ஒரு பேப்பரா பண்ற ஐடியா இருக்கு. இன்னொரு சின்ன விஷயம், தீசிஸ் ரெபாசிட்டரில ஏறியிருக்கறதால சிமிலாரிட்டி செக்குல நம்ம எழுத்தே நம்மள மாட்டிவிடும். நான் புதுசா எழுதினதால மெத்தட்ஸ்ல மட்டும் கொஞ்சம் காட்டுச்சு. கவர் லெட்டர்லயும் பேப்பர்லயும், இது என் தீசிஸ்லருந்து வந்தது, அனாலிசிஸ் மறுபடி செஞ்சதுன்னு நேராவே எழுதிட்டேன். ஜர்னலோட பாலிசி பக்கத்துல தீசிஸ் பத்தி என்ன சொல்லியிருக்காங்கன்னு அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுக்கறது நல்லது, இடத்துக்கு இடம் மாறுது.

6,240 வார்த்தை, மூணு படம், ரெண்டு டேபிள். நான் மொதல்லயே பார்த்து வச்ச அந்த ஜர்னலுக்கே அனுப்பினேன். இந்தத் தடவை ரிவ்யூவுக்கு போச்சு, மூணரை மாசம் கழிச்சு மேஜர் ரிவிஷன்னு வந்துச்சு. மொத ரிவ்யூவர் தனி மரத்துப் புள்ளி பத்தின பாராவ பிடிச்சிருக்குன்னு எழுதி, ஆறு தோப்புங்கறத அப்ஸ்ட்ராக்ட்லயும் சொல்லச் சொல்லியிருந்தாரு, நியாயம். ரெண்டாவது ரிவ்யூவரோட மொத கேள்வி: மண் டேட்டா ஏதாவது இருக்கா? சீகை நைட்ரஜன் சேக்கற மரமாச்சே.

சாருக்கு போன் பண்ணி படிச்சு காட்டினேன். அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்ல, அப்புறம் சிரிப்பு.

"எவ்வளவு செலவு பண்ணோம்னு சொன்னேன்ல?"

"மிச்சம் ஃபைல்ல இருக்கு சார். தோப்புக்கு ரெண்டு சாம்பிள் தான் இருக்கு, தூரத்தோட ஒப்பிட முடியாதுன்னு சொல்லி சப்ளிமெண்ட்ல ஒரு டேபிளா குடுத்துடறேன்."

"குடு குடு. மெயின்ல வச்சுடாத."

மழை விட்டிருந்துச்சு, கரண்ட்டும் இருந்துச்சு, அன்னைக்கு ராத்திரியே அந்த டேபிள எடுத்து ஃபார்மேட் பண்ண உக்காந்துட்டேன்.